விரல் எப்போதும் பிந்தும்

ஒரு மணி நேர வகுப்புரைக்குச் சப்டைட்டில் போடுகிறவர் ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு வரிகளுக்கு நேரம் குறிக்க வேண்டியிருக்கும். வரி ஒவ்வொன்றுக்கும் திரையில் தோன்றும் கணம் ஒன்று, மறையும் கணம் ஒன்று. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, மவுஸால் இழுத்து இழுத்துக் குறித்தால் ஒரு வகுப்புக்கே ஒரு நாள் போய்விடும். வீடியோவை ஓடவிட்டு, பேச்சைக் கேட்டுக்கொண்டே விசையைத் தட்டிக் குறித்தால் வேலை வெகுவாகக் குறைகிறது. ஆனால் அதில் ஒரு பிசகு ஒளிந்திருக்கிறது. காது கேட்ட பிறகுதான் விரல் இறங்கும். அந்தப் பிந்தலை எப்படி அளப்பது, எப்படிக் கழிப்பது என்பதுதான் இங்கே முக்கியம்.

இலவசமாகக் கிடைக்கும் ஏஜிசப் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். முதலில் உரையை எழுதி முடித்து, ஒரு சப்டைட்டிலுக்கு ஒரு வரி என்ற கணக்கில் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துத் திறக்க வேண்டும். நேரமும் உரையும் ஒரே சமயத்தில் செய்தால் இரண்டும் கெடும். திறக்கும்போது ஒரு சிறு எச்சரிக்கை: முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதைப் பேசுபவரின் பெயர் என்று ஏஜிசப் எடுத்துக்கொள்ளும். "உதாரணம்: ஒரு பேட்டரி" என்று ஆசிரியர் சொன்ன வரியில் "உதாரணம்" காணாமல் போய் பெயருக்கான பத்தியில் உட்கார்ந்துவிடும். திறக்கையில் வரும் சிறு சாளரத்திலேயே அந்தக் குறியை மாற்றிவிடலாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய விசைகள் கொஞ்சம்தான். `Ctrl+3` அழுத்தினால், தேர்ந்தெடுத்த வரியின் தொடக்கம் வீடியோ அப்போது நிற்கும் ஃபிரேமுக்கு வரும். `Ctrl+4` அதே போல முடிவைக் குறிக்கும். `Ctrl+1`, `Ctrl+2` இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்பவை. குறித்த தொடக்கத்துக்கோ முடிவுக்கோ வீடியோவைக் கொண்டுபோகும். ஓடும் வீடியோவில் இரண்டு விரல் சேர்த்து அழுத்துவது சிரமம். Options பகுதியில் Hotkeys பட்டியலைத் திறந்து `time/snap/start_video`, `time/snap/end_video`, அடுத்த வரிக்குப் போகும் `grid/line/next` ஆகிய மூன்றையும் உபயோகத்தில் இல்லாத, பக்கத்துப் பக்கத்து ஃபங்ஷன் விசைகளுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. சாதாரண எழுத்து விசைகளைக் கொடுத்தால், கர்சர் உரைப்பெட்டியில் இருக்கும்போது அவை தட்டச்சாகிவிடும் ஆபத்து உண்டு. வரியைத் தேர்ந்தெடுத்ததும் வீடியோவை அங்கே தாவச் செய்யும் பொத்தானையும் அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால், நேரம் குறிக்காத அடுத்த வரிக்கு நகர்ந்தவுடன் வீடியோ பூஜ்யத்துக்கே ஓடிவிடும்.

பிறகு ஓடவிடலாம். பேச்சு தொடங்கியதும் ஒரு தட்டு, முடிந்ததும் ஒரு தட்டு, அடுத்த வரி. தவறவிட்ட வரிக்காக நிறுத்த வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம். நின்று நின்று போனால் கை தன் தாளத்தை இழக்கும். தாளம் போனால் பிந்தலும் சீராக இருக்காது. பிந்தல் சீராக இருந்தால்தான் மொத்தமாகக் கழிக்க முடியும்.

முடித்ததும் அலைவடிவத்தைப் பார்த்து, கோப்பின் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களிலிருந்து சில வரிகளை எடுத்து, உண்மையான தொடக்கத்துக்கும் தட்டிய தொடக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கால் விநாடியை ஒட்டி இருக்கும். 0.28 விநாடி என்று வைத்துக்கொள்வோம். `Ctrl+I` அழுத்தினால் Shift Times சாளரம் வரும். அதில் 0.28, Backward, All rows. கடைசித் தேர்வைத்தான் பலர் கவனிப்பதில்லை: Start times only.

தொடக்கத்தை மட்டும் ஏன் நகர்த்த வேண்டும்? முடிவுத் தட்டும் அதே அளவு பிந்தியதுதான். ஆனால் அங்கே பிந்தல் நன்மை. பேச்சு நின்ற பிறகு எழுத்து ஒரு கணம் கூடுதலாக நின்றால் வாசிப்பவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். தொடக்கம் பிந்தினாலோ, குரலுக்கும் எழுத்துக்கும் பொருந்தவில்லை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஓர் இடத்தை எடுத்துப் பார்ப்போம். இயற்பியல் ஆசிரியர் கேட்கிறார்: "மின்தடையை இரண்டு மடங்கு ஆக்கினால் மின்னோட்டம் என்ன ஆகும்?" கேள்வி 6 நிமிடம் 12.48 விநாடியில் தொடங்கியது, தட்டு 12.76இல் விழுந்தது. கேள்வி 16.22இல் முடிந்தது, முடிவுத் தட்டு 16.50இல். ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிச் சுற்று ஒன்றை வரைகிறார். 20.10இல் "பாதியாகும்" என்கிறார். நீண்ட மௌனத்துக்குப் பிறகு வந்த சொல் என்பதால் விரல் இன்னும் தாமதித்து 20.44இல் விழுந்தது. முடிவுத் தட்டு 21.40. அந்தத் தட்டு விழும் முன்பே, 21.30இல் அடுத்த வாக்கியம் தொடங்கிவிட்டது. தொடர்ந்து வரும் பேச்சைக் கை எதிர்பார்த்திருப்பதால் 21.50இலேயே தட்டியாயிற்று.

0.28 கழித்த பிறகு முதல் வரி அச்சாகப் பொருந்துகிறது. இரண்டாவது 20.16, உண்மையைவிட 0.06 விநாடி பிந்தி. யாருக்கும் தெரியாது. மூன்றாவது 21.22, சற்றே முந்தி. கால் விநாடிக்குள் முந்துவது உறுத்தாது. ஆனால் இரண்டாவது வரி 21.40 வரை நிற்க, மூன்றாவது 21.22இலேயே வந்துவிடுகிறது. இந்த மோதலைத் தீர்ப்பது Timing Post-Processor. அதில் லீட்-இன், லீட்-அவுட் இரண்டையும் அணைத்து, அடுத்தடுத்த வரிகளைத் தொடர்ச்சியாக்கும் பகுதியை மட்டும் இயக்குங்கள். மோதலின் உச்ச அளவு 400 மில்லி விநாடி போதும். Bias என்னும் நகர்த்தியை முழுக்க End பக்கம் தள்ளினால் முன்வரியின் முடிவு மட்டும் சுருங்கும், பாடுபட்டுக் குறித்த தொடக்கம் அசையாது.

```
41
00:06:12,480 --> 00:06:16,500
மின்தடையை இரண்டு மடங்கு
ஆக்கினால் மின்னோட்டம் என்ன ஆகும்?

42
00:06:20,160 --> 00:06:21,220
பாதியாகும்.

43
00:06:21,220 --> 00:06:24,300
ஏனென்றால் மின்னழுத்தம் மாறவில்லை.
```

இந்தக் கணக்கு பொய்க்கும் இடங்களும் உண்டு. தொடக்கத்தில் கால் விநாடியாக இருந்த வித்தியாசம் கடைசியில் ஒரு விநாடியைத் தாண்டினால் விரலைக் குறை சொல்லாதீர்கள், வீடியோவைப் பாருங்கள். இணையவழி வகுப்புகளின் திரைப்பதிவுகளில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பது சகஜம். ஸ்லைடு அசையாமல் நிற்கும்போது ஒரே ஃபிரேம் நெடுநேரம் நீடிக்கலாம். `Ctrl+3` ஃபிரேமைத்தான் பிடிக்கிறது என்பதால் குறி முரட்டுத்தனமாக விழும். வேலையைத் தொடங்கும் முன்பே சீரான வேகத்துக்கு மாற்றிக்கொள்வது உத்தமம்:

```
ffmpeg -i vaguppu.mp4 -vf fps=25 -c:a copy vaguppu25.mp4
```

புளூடூத் ஹெட்செட்டும் வேண்டாம். அதன் ஒலித் தாமதம் உங்கள் பிந்தலோடு சேர்ந்துகொள்ளும். ஹெட்செட்டை மாற்றினால் அளவும் மாறும். வயர் ஹெட்போன் போதும்.

கடைசிச் சுற்றில் ஒலிப்பகுதியில் நின்றுகொண்டு `Q`, `W` இரண்டையும் பயன்படுத்துங்கள். `Q` வரியின் தொடக்கத்துக்கு முந்தைய அரை விநாடியை ஒலிக்கச் செய்யும். அதன் கடைசியில் இந்த வரியின் முதல் அசை கேட்டால் தொடக்கம் பிந்தியிருக்கிறது. `W` முடிவுக்குப் பிந்தைய அரை விநாடி. அங்கே சொல்லின் வால் கேட்டால் முடிவு முந்திவிட்டது. அலைவடிவத்தில் இடது கிளிக் தொடக்கத்தையும், வலது கிளிக் முடிவையும் நகர்த்தும்.

எல்லா வரிகளையும் இப்படிச் சோதிக்க நேரமிருக்காது. இருக்கும் நேரத்தை ஆசிரியர் கேள்வி கேட்டு நிறுத்தும் இடங்களில் செலவிடுங்கள். 42ஆம் வரி போன்ற விடைகள் மட்டும் குரலுக்கு முந்தவே கூடாது. யோசிக்கக் கொடுத்த மௌனத்தில் விடை எட்டிப் பார்த்தால், காது கேளாத மாணவருக்கு அந்த யோசிக்கும் நேரம் குறைந்துபோகிறது. கேள்வியையும் மௌனம் முழுக்கத் திரையில் பிடித்து வைக்க வேண்டாம். ஆசிரியர் வரையும் சுற்றுப் படத்தைக் கண் பார்க்க வேண்டிய நேரம் அது.