அரங்கம் கேட்டு ஒரு கடிதம்

ஆண்டு விழாவுக்கு அரங்கம் கேட்டு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. அதைப் படிக்கும் அரங்க மேலாளர், பாதி படிக்கும்போதே முன்பதிவுப் பேரேட்டைத் திறந்துவிடுவார். பள்ளி தொடங்கிய ஆண்டும் போன வருடத் தேர்ச்சி விகிதமும் அவருக்குத் தேவையில்லை. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எத்தனை பேர் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். இந்த மூன்றையும் எழுதத்தான் கடிதம். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் முதல் பத்தியை வணக்கத்துக்கும் பெருமைக்கும் கொடுத்துவிட்டு, நாளைக் கடைசி வரியில் சொல்கின்றன. கூட்டத்தை ‘சுமார் ஆயிரம் பேர்’ என்று முடித்துவிடுகின்றன.

நாளிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் பள்ளிகளின் ஆண்டு விழாக்கள் பெரும்பாலும் பொங்கல் முடிந்து, பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன் நடக்கின்றன. தை பிறந்ததும் கல்யாணப் பருவமும் தொடங்கிவிடுவதால், கல்யாண மண்டபத்தில் விழா நடத்த நினைக்கும் பள்ளி முகூர்த்த நாட்களோடு போட்டி போட வேண்டும். ஒரு கல்யாணம் இரண்டு நாள் வாடகை தரும். விழா அரை நாள் வாடகைதான் தரும். மேலாளர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் கல்யாணங்கள் இல்லாததால் மண்டபங்கள் காற்று வாங்கும். ஆனால் அதே மார்கழியில் சென்னையின் சபா அரங்குகளில் இசை விழா நடப்பதால் அங்கே இடம் கிடைப்பது அரிது. ஆகவே எந்த வகை இடம் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் நாளைத் தேட வேண்டும். அரசு அரங்கம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் முன்பதிவில் கட்டுப்பாடுகள் வரக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே போகலாம். 300 மாணவர்கள் படிக்கும் ஒரு நடுநிலைப் பள்ளி, 750 இருக்கைகள் கொண்ட அரங்கம் ஒன்றை 2027 பிப்ரவரியில் கேட்கிறது. முதலில் தோன்றியது 6-ஆம் தேதி, சனிக்கிழமை. நாட்காட்டியைப் புரட்டினால் அன்று தை அமாவாசை. பல வீடுகளில் விரதமும் தர்ப்பணமும் இருக்கும், பாட்டி தாத்தா வரமாட்டார்கள். எனவே 13 சனி முதல் விருப்பம், 14 ஞாயிறு இரண்டாவது, 27 சனி மூன்றாவது என்று வரிசைப்படுத்தப்படுகிறது. ஒரே ஒரு நாளைக் கேட்டால் மேலாளர் ‘இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். மூன்று நாள் கேட்டால் பேரேட்டில் தேடிப் பார்த்தாக வேண்டும். தேதியோடு கிழமையையும் எழுதுவது வீண்வேலை இல்லை. 13 என்று எழுத நினைத்து 18 என்று தட்டச்சு செய்துவிட்டால், கிழமை பொருந்தாததைக் கண்டு மேலாளரே கூப்பிட்டுக் கேட்பார்.

நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விழா மாலை 5 முதல் 9 வரை என்றால், கடிதத்திலும் 5 முதல் 9 வரை என்றே எழுதிவிடுகிறார்கள். மேடைக்குப் பின்திரை கட்ட, மைக்செட் வைக்க, நாற்காலியில் சீட்டு ஒட்ட மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். விழா முடிந்து பொருட்களை அள்ள இன்னொரு மணி நேரம். அரங்கம் கைக்கு வர வேண்டியது நண்பகல் 12 மணிக்கு, திருப்பிக் கொடுப்பது இரவு 10 மணிக்கு. காலை, மாலை என்று பாதி நாளாகக் கணக்கிடும் அரங்கில், 12 மணி என்பது காலைக் கணக்கிலும் கை வைக்கும். முழு நாள் வாடகை கேட்பார்கள். அதை முன்பே தெரிந்துகொள்வதும் கடிதத்தின் வேலைதான். முந்தின நாள் மேடையில் ஒத்திகை வேண்டும் என்றால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். ஏ.சி. இல்லாமல், மேடை விளக்கு மட்டும் போதும் என்று சொன்னால் குறைந்த கட்டணத்தில் கிடைக்க வாய்ப்புண்டு.

இனி கூட்டம். 300 மாணவர்கள், ஆளுக்குப் பெற்றோர் இருவர், மொத்தம் 900 என்று போடும் கணக்கு இரண்டு பக்கமும் தவறும். அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் படிப்பதால் குடும்பங்கள் 300 இல்லை, 240. மேடையேறும் 150 பிள்ளைகள் 130 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பிள்ளை ஆடுகிறது என்றால் அம்மா அப்பா மட்டுமா வருவார்கள்? பாட்டி, சித்தி, மடியில் இருக்கும் கைக்குழந்தை என்று குடும்பத்துக்கு நால்வர் வருவார்கள். அது 520 பேர். பிள்ளை மேடையேறாத 110 குடும்பங்களில் பாதிதான் எட்டிப்பார்க்கும். 55 குடும்பம், பிள்ளையோடு சேர்த்து மும்மூன்று பேர், 165. ஆசிரியர்களும் விருந்தினர்களும் 35. ஆக அரங்கில் உட்கார வருவோர் 720. மேடைக்குப் பின்னால் இருக்கும் 150 பிள்ளைகளையும் சேர்த்தால் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் 870.

இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. 720 என்பது இருக்கைக் கணக்கு. 870 என்பது கழிப்பறை, குடிநீர், வாயில்களுக்கான கணக்கு. 750 இருக்கையில் 720 பேர் அடங்கிவிடுவார்கள் என்று நிம்மதியாக இருக்க முடியாது. ஆடி முடித்த பிள்ளை, பொட்டும் சலங்கையுமாக நேரே அம்மாவிடம்தான் ஓடும். ஏழு மணிக்குள் நூறு பிள்ளைகள் கீழே இறங்கியிருப்பார்கள். தங்கள் பிள்ளையின் ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடும் குடும்பங்களும் உண்டு என்றாலும், பரிசளிப்பைக் கடைசியில் வைத்திருந்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் உட்கார இடமின்றி நடைபாதையில் நிற்பார்கள். பள்ளிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பரிசளிப்பை நடுவில் வைப்பது. மற்றொன்று, ஆடி முடித்த பிள்ளைகளுக்கு மேடைக்கு முன்னால் பாய் விரிப்பது. பாய் விரிக்கலாமா, எந்தக் கதவும் அடைபடாமல் எங்கே விரிக்கலாம் என்பதை மேலாளர்தான் சொல்ல முடியும். எனவே அதுவும் கடிதத்தில் ஒரு வரியாக வர வேண்டும்.

எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் வாடகை குறையும் என்று சில அமைப்பாளர்கள் நினைப்பதுண்டு. குறையாது. 400 பேர் என்று எழுதினால் மேலாளர் மாடியைப் பூட்டி வைப்பார், ஒரு பக்கக் கழிப்பறையைத் திறக்கமாட்டார், வாயிலுக்கு ஒரே ஒரு காவலாளியைப் போடுவார். 870 பேர் வந்து நிற்கும்போது பூட்டிய கதவுகள் பூட்டியே இருக்கும். இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஓர் ஆண்டு விழாவே காட்டியிருக்கிறது. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியாணாவின் மண்டி டப்வாலி என்ற ஊரில், ஒரு திருமண மண்டபத்தில் போட்டிருந்த பந்தலுக்குள் பள்ளி விழா நடந்துகொண்டிருந்தது. பந்தலில் தீப்பற்றியது. உள்ளே கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. வெளியேறும் வழி ஒன்றுதான். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பலர் குழந்தைகள். எத்தனை பேர் வருவார்கள் என்பதும் எத்தனை கதவு திறந்திருக்கும் என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள்.

கூட்டிச் சொல்வதாலும் நன்மை இல்லை. 1,200 என்று எழுதினால் ‘எங்களிடம் 750 இருக்கைதான்’ என்று பதில் வந்து, கிடைத்திருக்கக்கூடிய இடமும் போய்விடும்.

இவ்வளவும் தெரிந்தபின் கடிதம் தானாகவே சுருங்கிவிடுகிறது:

அனுப்புநர்
தலைமை ஆசிரியர்,
(பள்ளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண்)

பெறுநர்
மேலாளர்,
(அரங்கின் பெயர், முகவரி)

ஐயா,

பொருள்: பள்ளி ஆண்டு விழாவுக்கு அரங்கம் கோருதல் – 13.02.2027, சனிக்கிழமை.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவை 13.02.2027 சனிக்கிழமை மாலை 5 முதல் 9 மணிவரை தங்கள் அரங்கில் நடத்த விரும்புகிறோம். அந்த நாள் இயலாதெனில் 14.02.2027 ஞாயிறு, அதுவும் இயலாதெனில் 27.02.2027 சனி எங்களுக்கு ஏற்றவை. ஏற்பாடுகளுக்காக நண்பகல் 12 மணிமுதல் அரங்கம் தேவை. இரவு 10 மணிக்குள் ஒப்படைத்துவிடுவோம். முந்தின நாள் மாலை 4 முதல் 7 வரை ஏ.சி. இல்லாமல் ஒத்திகைக்கு மேடை கிடைத்தால் நலம்.

பார்வையாளர்கள் சுமார் 720 பேர், மேடையேறும் மாணவர்கள் 150 பேர், மொத்தம் 870 பேர் வருவார்கள். மாலை 6.30 முதல் 8 வரை கூட்டம் அதிகமாக இருக்கும். இரு சக்கர வாகனங்கள் சுமார் 150, கார்கள் 20, பள்ளிப் பேருந்து 1 வரும். ஒப்பனை அறைகள் இரண்டும், மாடி உட்பட எல்லா இருக்கைகளும் தேவை. மேடைக்கு முன் மாணவர்களுக்குப் பாய் விரிக்க அனுமதி உண்டா எனத் தெரிவிக்கவும். சமையல் இல்லை; சிற்றுண்டிப் பொட்டலம் மட்டும், வெளியே வழங்கப்படும்.

வாடகை, ஜி.எஸ்.டி., மின்கட்டணம், ஜெனரேட்டர், துப்புரவு, முன்பணம், டெபாசிட் ஆகியவற்றையும், ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் தொகையையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பம், முத்திரை)
நாள்: 12.10.2026

கடைசிப் பத்தியில் கட்டணங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ‘வாடகை எவ்வளவு’ என்று கேட்டால் வாடகையை மட்டும்தான் சொல்வார்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., மீட்டர்படி மின்கட்டணம், மணிக் கணக்கில் ஜெனரேட்டர் டீசல் எல்லாம் விழா முடிந்த இரவு ஒரு சீட்டில் வந்து நிற்கும். டெபாசிட்டிலிருந்து எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்பதும் அப்போதுதான் தெரியவரும். சுவரில் செல்லோடேப் ஒட்டியதற்கும் பிடிக்கும் அரங்குகள் உண்டு.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்க வேண்டும். ‘உங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன்’ என்று தொலைபேசியில் சொல்வது முன்பதிவு ஆகாது. முன்பணம் கட்டிய ரசீதில் நாளும் நேரமும் எழுதியிருந்தால்தான் அது முன்பதிவு. அதற்கு முன் அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு நாள் மாறியதும் பழைய தேதிமேல் வெள்ளைத்தாள் ஒட்டிய பள்ளிகள் பல.

விழாவுக்குப் பத்து நாள் முன் மேடையேறும் பிள்ளைகளின் பட்டியல் முடிவாகிவிடும். அப்போது கூட்டக் கணக்கை மறுபடி போட்டு, ஐம்பது பேருக்கு மேல் மாறியிருந்தால் முதல் கடிதத்தின் தேதியைப் பார்வையில் குறிப்பிட்டு நான்கு வரியில் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். எத்தனை காவலாளி, எந்தெந்தக் கதவு என்பதை மேலாளர் முடிவு செய்வது அந்த வாரத்தில்தான்.