பிடித்த வரிக்குச் சான்றிதழ்: படிவம் 16ஏ-ஐக் கேட்டு வாங்குவது எப்படி?

மதுரையில் தனியாகத் தொழில் செய்யும் உள்அலங்கார வடிவமைப்பாளர் ஒருவர், கோவை நிறுவனம் ஒன்றின் அலுவலகத்துக்கு வரைபடங்கள் தயாரித்துக் கொடுத்து, 2025 நவம்பரில் 1,20,000 ரூபாய்க்கு பில் அனுப்புகிறார். டிசம்பர் முதல் வாரம் வங்கிக் கணக்கில் 1,08,000 ரூபாய் வரவாகிறது. குறைந்த 12,000 ரூபாய் டிடிஎஸ். தொழில்முறைக் கட்டணத்துக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவு விதிக்கும் 10 சதவீதப் பிடித்தம் அது. 2025-26 நிதியாண்டில் ஒரே நிறுவனம் தரும் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் இந்தப் பிடித்தம் உண்டு.

இந்த 12,000 ரூபாய் வடிவமைப்பாளரின் பணம்தான். அவர் பெயரில் முன்கூட்டியே கட்டப்படும் வரி. வருமானம் குறைவாக இருந்து அவருக்கு வரியே வராவிட்டால், கணக்குத் தாக்கல் செய்து முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். ஆனால் நிறுவனம் பிடித்த பணத்தை அரசுக்குக் கட்டி, இன்னாருடைய பான் எண்ணுக்கு இவ்வளவு என்று காலாண்டு அறிக்கையில் காட்டியிருக்க வேண்டும். அதற்கான சான்றுதான் படிவம் 16ஏ.

பணம் வந்த மறுநாளே சான்றிதழைக் கேட்பவர்கள் பலர். அப்போது கேட்டால் கிடைக்காது. யாரும் இழுத்தடிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நவம்பரில் பிடித்த வரியை நிறுவனம் டிசம்பர் 7-க்குள் கட்ட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டின் அறிக்கைக்கு ஜனவரி 31 வரை அவகாசம் உண்டு. அதிலிருந்து பதினைந்து நாளில், அதாவது பிப்ரவரி 15-க்குள், சான்றிதழ் தர வேண்டும். மற்ற மூன்று காலாண்டுகளுக்கும் முறையே ஆகஸ்ட் 15, நவம்பர் 15, ஜூன் 15 கடைசி நாள். அறிக்கை தாக்கலாகித் துறையின் கணினியில் ஏறிய பிறகே டிரேசஸ் தளத்திலிருந்து 16ஏ-ஐ இறக்க முடியும். ஆகவே சான்றிதழ் கேட்பது, ‘அறிக்கை போட்டாயிற்றா?’ என்று விசாரிப்பதற்குச் சமம்.

கேட்பதற்கு முன் வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பார்ப்பது நல்லது. நிறுவனத்தின் பெயருக்குக் கீழே 12,000 ரூபாய் இருந்து, எதிரே F என்ற குறி இருந்தால் பணம் சரியாகச் சேர்ந்துவிட்டது. சான்றிதழைக் கேட்பது வெறும் சம்பிரதாயம். U என்றிருந்தால் அறிக்கையில் காட்டிய தொகைக்கு ஈடான செலுத்துச் சீட்டு பொருந்தவில்லை. அல்லது பணமே கட்டப்படவில்லை. பதிவே இல்லையென்றால் அறிக்கை போடப்படவில்லை, அல்லது வேறொருவர் பான் எண்ணில் ஏறிவிட்டது. ஓர் எழுத்துப் பிழை போதும், பணம் இடம் மாறிவிடும்.

வேலை கொடுத்த மேலாளரிடம் நச்சரித்துப் பயனில்லை. மின்னஞ்சல் கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். அதைத் திறப்பவர் வேறெங்கும் தேடாமல் வேலையை முடிக்க முடிய வேண்டும்:

“வணக்கம். இத்துடன் இணைத்துள்ள என் பில்லின் தொகை ரூ. 1,20,000. அதில் ரூ. 12,000 டிடிஎஸ் பிடித்து, ரூ. 1,08,000 அனுப்பியிருந்தீர்கள். 2025-26 நிதியாண்டின் மூன்றாம் காலாண்டுக்கான படிவம் 16ஏ-ஐ டிரேசஸ் தளத்திலிருந்து இறக்கி அனுப்ப வேண்டுகிறேன். 26ஏஎஸ்-இல் இந்தப் பதிவு இன்னும் வரவில்லை. என் பான் எண்ணைக் கீழே கொடுத்துள்ளேன். உங்கள் அறிக்கையில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.”

கடைசி இரண்டு வரிகளும் முக்கியம். பிழை பான் எண்ணில் இருந்தால் நிறுவனம் திருத்த அறிக்கை போட வேண்டும். அதற்கும் சில நாள் பிடிக்கும். சில அலுவலகங்கள் எக்செல்லில் தாங்களே தயாரித்த தாளில் முத்திரை குத்தி அனுப்புவதுண்டு. டிரேசஸ் சான்றிதழ் எண் இல்லாத அந்தத் தாள் 16ஏ ஆகாது.

பதிலே வராவிட்டால், சட்டம் நிறுவனத்துக்கு விதிப்பதை மரியாதை குறையாமல் நினைவூட்டலாம். அறிக்கை தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். சான்றிதழ் தராவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. இரண்டுமே பிடித்த வரித்தொகையைத் தாண்டாது. நமது வழக்கில் சான்றிதழுக்கான அபராதத்தின் உச்சவரம்பு 12,000 ரூபாய்தான் என்பதால் பெரிய நிறுவனத்தை அது அவ்வளவாக அசைக்காது. திருத்த அறிக்கை போடும் வேலையை நினைத்தாவது கணக்குப் பிரிவு விழித்துக்கொள்ளும்.

பிடித்த வரியை நிறுவனம் கட்டாமலே விட்டுவிட்டால், அதே வரியை வடிவமைப்பாளரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்கிறது 205-ஆம் பிரிவு. நடைமுறையில், 26ஏஎஸ்-இல் இல்லாத தொகையைக் கணினி ஏற்காமல் நோட்டீஸ் அனுப்பிவிடும். அப்போது பில், வங்கிக் கணக்குப் பட்டியல், கட்டணத்தில் பிடித்தம் போனதைக் காட்டும் மின்னஞ்சல் மூன்றும் கைகொடுக்கும். கணக்குத் தாக்கலில் வருமானமாகக் காட்ட வேண்டியது கைக்கு வந்த 1,08,000 அல்ல, பில் தொகையான 1,20,000. குறைத்துக் காட்டினால் 26ஏஎஸ்-உடன் முரண்பட்டு, அதற்கென்று தனியே ஒரு நோட்டீஸ் வரும்.