நோ க்ளைம் போனஸைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோவது

வாகனக் காப்பீட்டில் ஓராண்டு முழுக்க இழப்பீடு எதுவும் கேட்காமல் இருந்தவருக்கு, அடுத்த ஆண்டுக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் நோ க்ளைம் போனஸ். சுருக்கமாக என்சிபி என்பார்கள். இந்தியாவில் இதன் படிகள் எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். க்ளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதம், இரண்டாம் ஆண்டுக்குப் பின் 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. இடையில் ஒரு க்ளைம் வந்தால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கி, மீண்டும் 20-இலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தள்ளுபடி மொத்தத் தொகையில் கிடைப்பதில்லை. சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பிரீமியத்தில், அதாவது 'ஓன் டேமேஜ்' என்று பாலிசியில் தனியாகக் காட்டப்படும் பகுதியில் மட்டுமே கழியும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணம் அரசு நிர்ணயிப்பது. அதை என்சிபி தொடாது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் எடுத்திருப்பவருக்கு, எத்தனை ஆண்டு விபத்தே இல்லாமல் ஓட்டினாலும் என்சிபி சேராது.

என்சிபி வண்டியோடு ஒட்டியதல்ல, நிறுவனத்தோடும் ஒட்டியதல்ல; காப்பீடு எடுத்தவருக்கு உரியது. அதனால் நிறுவனத்தை மாற்றினால் அதுவும் கூடவே வரும். பழைய ஏஜென்ட், "வேற கம்பெனிக்குப் போனா உங்க போனஸ் போயிடும் சார்" என்று சொன்னால் நம்ப வேண்டியதில்லை. போவதற்கான காரணங்கள் வேறு. அவற்றில் பெரும்பாலானவை விண்ணப்பத்தில் நிரப்பப்படும் ஓர் எண்ணையும் ஒரு வாக்கியத்தையும் சுற்றியே அமைகின்றன.

2002-இல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பின் 27-ஆம் விதி, இந்த மாற்றத்தின் முறையை வகுத்தது. 2007-இல் ஓன் டேமேஜ் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கலாம் என்று ஆனபிறகும், என்சிபியைப் பொறுத்தவரை நிறுவனங்கள் இந்த விதியின் வழியிலேயே நடக்கின்றன. புதிய நிறுவனத்திடம் போனஸ் கேட்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பழைய நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு அறிவிப்பு ஆதாரமாகும்; அல்லது, 'இவருக்கு இத்தனை சதவீதம் உரியது' என்று அந்த நிறுவனம் தரும் உறுதிக் கடிதம். இந்தக் கடிதத்தைப் பெற, பாலிசியில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலிலிருந்து பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதினால் போதும். பாலிசி எண், வண்டிப் பதிவு எண், பாலிசி முடியும் தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நடப்பு ஆண்டில் க்ளைம் உண்டா, அடுத்த புதுப்பிப்புக்கு உரிய என்சிபி எவ்வளவு என்ற இரண்டு விவரங்களையும் கேட்க வேண்டும். பாலிசி முடிவதற்கு மூன்று நான்கு வாரங்கள் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கடிதம் கையில் இல்லையென்றாலும் வழி உண்டு. முடியப்போகும் பாலிசியின் நகலை இணைத்து, கேட்கும் சதவீதம் சரியானது, அந்தப் பாலிசிக் காலத்தில் க்ளைம் எதுவும் எழவில்லை, இது பொய் என்று தெரியவந்தால் வண்டிச் சேதத்துக்கான பலன்கள் அனைத்தையும் இழக்கச் சம்மதம் என்று உறுதிமொழி தரலாம். இன்று இணையத்தில் பாலிசி வாங்குகிறவர்கள் அனைவரும் இதைத்தான் தருகிறார்கள். ஆனால் தாளில் கையெழுத்திட்டல்ல. 'கடந்த ஆண்டு க்ளைம் செய்தீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தியும், கீழே உள்ள சிறு கட்டத்தில் டிக் போட்டும். விரல் நுனியில் முடிந்துவிடுவதால் இது ஒரு சட்டபூர்வமான உறுதிமொழி என்பது பலருக்கு உறைப்பதில்லை.

உறுதிமொழியை நம்பித் தள்ளுபடி கொடுத்துவிட்டுப் புதிய நிறுவனம் சும்மா இருந்துவிட முடியாது. காப்பீடு கொடுத்த 21 நாட்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதி, என்சிபி தகுதியை உறுதிப்படுத்தக் கேட்க வேண்டும். பழைய நிறுவனம் கேள்வி கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முதலில் நம்பிக்கை, பிறகு சரிபார்ப்பு என்பதே ஏற்பாடு. சரிபார்ப்பில் க்ளைம் இருந்தது தெரிந்தால், குறைத்து வாங்கிய தொகையைக் கட்டச் சொல்லி நிறுவனம் எழுதும். அந்தக் கடிதத்தை ஒதுக்கிப்போடுவதுதான் பெரிய தவறு.

எண் எங்கே தவறாகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மதுரையில் கார் வைத்திருக்கும் ஒருவருக்கு ஜூன் 30-ஆம் தேதி பாலிசி முடிகிறது. அந்தப் பாலிசியில் 'என்சிபி 25 சதவீதம்' என்று அச்சாகியிருக்கிறது. அது சென்ற முறை புதுப்பித்தபோது அவருக்குக் கிடைத்த தள்ளுபடி. இந்த ஆண்டும் க்ளைம் இல்லாததால் இப்போது அவருக்கு உரியது அடுத்த படியான 35. புதிய நிறுவனம் ஓன் டேமேஜ் பிரீமியத்தை 9,000 ரூபாய் என்று கணக்கிட்டால், 3,150 ரூபாய் கழிந்து 5,850 ரூபாய் ஆகும்.

இணைய விண்ணப்பங்கள் பொதுவாகக் கேட்பது முந்தைய பாலிசியில் இருந்த என்சிபியை. அங்கே 25 என்று நிரப்பினால், கணினியே ஒரு படி ஏற்றி 35 ஆக்கிக்கொள்ளும். விவரம் தெரிந்தவராக, 'நமக்கு உரியது 35 தானே' என்று அவர் 35-ஐத் தேர்ந்தெடுத்தால், தள்ளுபடி 45 சதவீதமாகிவிடும். பிரீமியம் இன்னும் 900 ரூபாய் குறைவாகத் தெரியும், அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உரிமையில்லாத போனஸை வாங்கியவராகிவிடுகிறார். இதைக் கண்டுபிடிப்பது எளிது. விலைப்பட்டியலில் காட்டும் சதவீதம், பழைய பாலிசியில் அச்சான சதவீதத்துக்கு ஒரே ஒரு படி மேலே இருக்க வேண்டும். இரண்டு படி மேலே இருந்தால் பணம் கட்டுவதற்கு முன் திருத்த வேண்டும். அலுவலகத்தில் தாள் விண்ணப்பம் நிரப்பினால் கேள்வி மாறலாம். 'முந்தையது' என்றா, 'தற்போது கோருவது' என்றா என்று படித்துப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது பொறி இதைவிட ஆழமானது. பாலிசி முடியும் முன்பே புதியதை வாங்கி வைப்பது நல்ல பழக்கம். மதுரைக்காரரும் ஜூன் 5 அன்றே பணம் கட்டிவிட்டார். புதிய பாலிசி ஜூலை 1 அன்று தொடங்கும். 'க்ளைம் இல்லை' என்று ஜூன் 5 அன்று அவர் சொன்னது உண்மை. ஜூன் 22 அன்று கார் லாரியில் உரசிக் கதவும் பம்பரும் போயின. பழைய பாலிசி உயிரோடிருப்பதால் அதில் க்ளைம் செய்து 40,000 ரூபாய் பெற்றார். எல்லாம் முறைப்படிதான். ஆனால் அந்த நிமிடத்திலேயே அவருடைய 35 சதவீதம் பூஜ்யமாகிவிட்டது. புதிய நிறுவனத்துக்கு அது தெரியாது. அவரும் சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுகிறார்.

செய்ய வேண்டியது எளிது. புதிய நிறுவனத்துக்கு எழுதி, க்ளைம் நடந்ததைத் தெரிவித்து, கூடுதல் பிரீமியத்தைக் கட்டி, பாலிசியில் என்சிபியைத் திருத்தி எண்டார்ஸ்மென்ட் வாங்க வேண்டும். வித்தியாசம் 3,150 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 567 ரூபாயும், மொத்தம் 3,717. இதைக் கட்டாமல் விட்டால், அக்டோபரில் இரண்டாவது விபத்து நேரும்போது சர்வேயர் பழைய பதிவைப் பார்ப்பார். லட்ச ரூபாய் செலவானாலும் உறுதிமொழியைக் காட்டி நிறுவனம் மறுக்க முடியும்.

க்ளைம் நிலுவையில் இருந்தாலும் போனஸ் கிடையாது என்பதே விதி. தகவல் மட்டும் கொடுத்து, பிறகு செலவு குறைவு என்று கைவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால், க்ளைம் பணம் எதுவும் தராமல் மூடப்பட்டது என்று பழைய நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சரிபார்ப்பின்போது 'க்ளைம் உண்டு' என்ற ஒற்றை வரிதான் போய்ச் சேரும்.

சின்னச் சேதத்துக்கு க்ளைம் செய்யலாமா என்பதையும் இதே கணக்கில் எடைபோடலாம். மதுரைக்காரர் க்ளைம் செய்யாமல் இருந்தால் இந்த ஆண்டு 35, பிறகு 45, அதன்பின் 50 சதவீதம். செய்தால் 0, 20, 25, 35, 45. ஐந்து ஆண்டுகளின் வித்தியாசங்களைக் கூட்டினால் 105 சதவீதம். பிரீமியம் 9,000-லேயே நின்றால் இது 9,450 ரூபாய். வண்டி மதிப்பு ஆண்டுதோறும் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். 4,000 ரூபாய்க் கீறலுக்கு க்ளைம் செய்வது நஷ்டம். 40,000 ரூபாய்க்குச் செய்யாமல் விடுவது அசட்டுத்தனம்.

காலக்கெடுவும் ஒன்று உண்டு. பாலிசி காலாவதியான 90 நாட்களுக்குள் புதுப்பித்தால்தான் சேர்ந்த போனஸ் நிற்கும். 91-ஆம் நாளில் ஐந்தாண்டு உழைப்பும் போய்விடும். அந்த 90 நாட்களும் போனஸுக்குத்தான் சலுகை, காப்பீட்டுக்கு அல்ல. இடைவெளியில் வண்டி காப்பில்லாமலே ஓடுகிறது. புதிய நிறுவனம் வண்டியை நேரில் அல்லது படங்கள் மூலம் பரிசோதித்த பிறகே பாலிசி தரும்.

2018 செப்டம்பருக்குப் பின் வாங்கிய புதிய கார்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று ஆண்டுக்கும், இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுக்கும் சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஓன் டேமேஜ் பகுதியை ஓராண்டுக்கு எடுத்தவர்கள் அதை மட்டும் வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். என்சிபியும் அதனுடன் போகும். மூன்றாம் தரப்புக் காப்பீடு பழைய நிறுவனத்திலேயே தொடரும். அதன் பாலிசி விவரத்தையும் புதிய விண்ணப்பத்தில் தர வேண்டும். 'என்சிபி பாதுகாப்பு' என்ற கூடுதல் காப்பு எடுத்து, க்ளைம் செய்த பின்னும் போனஸைத் தக்கவைத்தவர்கள் மாறும் முன் யோசிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் அதே நிறுவனத்தில் புதுப்பித்தால் மட்டுமே செல்லும். புதிய நிறுவனத்தின் கண்ணில் அது க்ளைம் நடந்த ஆண்டு.

வண்டியை விற்பவர் தம் என்சிபியைப் பழைய நிறுவனத்திடம் சான்றாகப் பெற்று, மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அதே வகை வண்டிக்குப் பயன்படுத்தலாம். வாங்கியவருக்கு அந்த போனஸ் கிடையாது. உரிமையாளர் இறந்து, வண்டி மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், பெற்றோர் கைக்கு வந்தால் மட்டும் போனஸும் அவர்களுக்கு வரும்.

தவறான என்சிபியைக் காரணம் காட்டி க்ளைம் மறுக்கப்பட்டால், புதிய நிறுவனம் 21 நாட்களுக்குள் பழைய நிறுவனத்திடம் கேட்டதா என்பதே முதல் கேள்வி. கேட்கவில்லை என்றால் அது அந்த நிறுவனத்தின் விதிமீறல். நுகர்வோர் மன்றங்களில் இந்த வாதம் எடுபட்டதும் உண்டு, எடுபடாததும் உண்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவோடு பழைய பாலிசி, புதிய பாலிசி, விண்ணப்பத்தின் நகல், மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இணையத்தில் வாங்கியவர்கள், தாம் என்ன நிரப்பினோம் என்பதைக் காட்டும் விண்ணப்பப் படிவத்தை நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.