மரகதத்துக்கு ஆகாத குளியல்

நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தொட்டியில் தண்ணீர் ஊற்றி, சமையலறையில் புழங்கும் அலுமினியத் தாளில் ஒரு துண்டை அதில் தொங்கவிட்டு, ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தாள் முழுக்க ஊசியால் குத்தினதுபோல் பள்ளமும் பொத்தலுமாக இருக்கும்.

தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அதிர்வுக் கருவி, பெரும்பாலான நகை மெஷின்களில், நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்கிறது. அந்த அதிர்வில் தண்ணீருக்குள் நுண்ணிய குமிழிகள் பிறந்து, பிறந்த வேகத்திலேயே நொறுங்குகின்றன. ஒவ்வொன்று நொறுங்கும்போதும் பக்கத்தில் இருக்கும் பரப்பின் மேல் ஒரு சின்ன அடி விழுகிறது. கம்மலின் பின்பக்கம் பிரஷ் போகாத சந்தில் படிந்த சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் கழன்று வருவது இந்த அடியால்தான். கல் இல்லாத தங்க நகைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். கல் வைத்த நகை என்றால் கதை வேறு.

நவரத்தின மோதிரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே மோதிரத்தில் ஒன்பது கல். தொட்டியில் போடலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் ஒரு பதில் வைத்திருக்கிறது. கடினமான கல் தாங்கும், மென்மையான கல் தாங்காது என்று பலர் நினைக்கிறார்கள். கடினத்துக்குச் சொல்லப்படும் எண், கல்லில் கீறல் விழுமா என்பதைத்தான் சொல்கிறது. மரகதத்தின் எண் ஏழரை முதல் எட்டு. செவ்வந்திக்கல்லுக்கு ஏழுதான். ஆனாலும் செவ்வந்திக்கல் பெரும்பாலும் அந்தக் குளியலைத் தாங்கிவிடும், மரகதம் தாங்காது. கல்லுக்குள் வெடிப்பு இருக்கிறதா, இருந்தால் அதற்குள் எதை நிரப்பி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மரகதம் பூமிக்குள் விளையும்போதே வெடிப்புகளோடுதான் விளைகிறது. வெடிப்பே இல்லாத மரகதம் மிக அபூர்வம். கல்லின் மேற்பரப்பைத் தொடும் வெடிப்புக்குள் காற்று புகுந்தால், ஒளி அங்கே பட்டுத் திரும்பி வெள்ளைக் கோடாகத் தெரியும். அதே இடத்தில் எண்ணெய் புகுந்தால் கோடு மங்கிவிடும், ஏனென்றால் எண்ணெய் ஒளியை வளைக்கும் அளவும் மரகதம் வளைக்கும் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் பட்டை தீட்டியதும் கல்லைக் கழுவி, வெற்றிடக் கலத்தில் வைத்து வெடிப்பிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டு, இளஞ்சூடான தேவதாரு எண்ணெயை உள்ளே புக வைக்கிறார்கள். எண்ணெய்க்குப் பதிலாக எபாக்சி பிசினையும் நிரப்புவார்கள். இது ஏமாற்று வேலை இல்லை. நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். சந்தைக்கு வரும் மரகதங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். நல்ல பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழில் நிரப்பு குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று எழுதியே கொடுப்பார்கள்.

நடுத்தர அளவு எண்ணெய் உள்ள ஒரு காரட் மரகதம் தொட்டியில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஐம்பது அறுபது டிகிரி சூட்டில் இருக்கிறது, அழுக்கெடுக்கும் திரவமும் கலந்திருக்கிறது. சூட்டில் எண்ணெய் இளகுகிறது. திரவம் அதைக் கரைக்கிறது. வெடிப்பின் வாயில் குமிழிகள் இடித்து இடித்து அதை வெளியே இழுக்கின்றன. பிசுக்கை எடுக்கத்தான் அந்த மெஷின். கல்லுக்குள் இருக்கும் எண்ணெயும் அதற்குப் பிசுக்குதான். வெளியே எடுத்தவுடன் கல் ஈரத்தில் பளிச்சென்று இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. காய்ந்த பிறகு வெடிப்புக்குள் காற்று குடியேற, நேற்றுவரை இல்லாத வெள்ளைக் கோடுகள் கல்லின் குறுக்கே தெரியும், பச்சையும் வெளிறும். கல்லையே மாற்றிவிட்டார்கள் என்ற சண்டைகள் கடையில் கிளம்புவது இப்படித்தான். கல் மாறவில்லை, அதன் இயல்பான முகம் வெளியே வந்திருக்கிறது.

இதோடு நின்றால் பரவாயில்லை, எண்ணெயைத் திரும்ப ஏற்றிவிடலாம். ஆனால் அதிர்வில் பழைய வெடிப்பு நீளவும் கூடும். சில மரகதங்களுக்குள், குறிப்பாகக் கொலம்பியக் கற்களுக்குள், உப்புநீர் அடைபட்ட நுண்ணிய குழிகள் உண்டு. திடீர்ச் சூட்டில் அந்த நீர் விரிந்தால் புது வெடிப்பே விழலாம். நகைக்கடைகளில் இருக்கும் நீராவிக் கருவியும் இதே காரணத்தால் மரகதத்துக்கு ஆகாது.

மாணிக்கத்தின் கதை கொஞ்சம் சிக்கலானது. சூடுபடுத்தி நிறம் ஏற்றிய மாணிக்கம் கவலையில்லாமல் தொட்டியில் இறங்கலாம். ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, வெடிப்பு நிறைந்த மலிவான மாணிக்கத்தில் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி விற்கும் சரக்கு ஏராளமாக வந்துவிட்டது. இந்தக் கண்ணாடி ரசாயனத்துக்கு மிகவும் பலவீனமானது, எலுமிச்சைச் சாறே அதை அரித்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் கல்லை மெல்லத் திருப்பிப் பாருங்கள். வெடிப்பின் வழியே நீலமோ ஊதாவோ பளிச்சிட்டு மறைந்தால், உள்ளே தட்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால், அது கண்ணாடி நிரப்பிய கல். பெரிய கல் மலிவு விலைக்குக் கிடைத்திருந்தாலே சந்தேகப்படலாம். இதை ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நிரப்பு எதுவும் இல்லாத வைரம், நீலம், வைடூரியம், வெடிப்பில்லாத கோமேதகம் ஆகியவை பொதுவாகத் தாங்கும். அசல் புஷ்பராகம், அதாவது மஞ்சள் நிறச் சபையர், தாங்கும். ஆனால் அந்தப் பெயரில் டோபாஸ் கல்லை விற்பதும் உண்டு. டோபாஸுக்குள் ஒரு திசையில் பிளவுத் தளம் இருக்கிறது, அந்த வாக்கில் அதிர்ச்சி பட்டால் நேராகப் பிளந்துவிடும். முத்தும் பவளமும் சுண்ணாம்பு வகை. முத்தின் மேல் அடுக்குகள் ஒரு கரிமப் பசையால் ஒட்டியிருப்பவை, மெருகு ஒரு தடவை போனால் போனதுதான். மோதிரத்தில் முத்தைப் பிடித்திருப்பதும் பெரும்பாலும் பசைதான்.

நவரத்தினத்துக்கு வெளியே ஓபலும் டான்சனைட்டும் டர்க்காய்ஸும் தொட்டிக்கு ஆகாதவை. ஓபலுக்குள் தண்ணீரே ஒரு பங்காக இருக்கிறது. சூடும் அதிர்வும் பட்டால் மேலே சிலந்தி வலைபோல் கீறல் விடும்.

நம் வீடுகளில் இருக்கும் பாட்டி காலத்து நகைகளுக்குத் தனிக் கவலை. சிவப்புக்கல் அட்டிகையிலும் தோட்டிலும் கல்லின் பின்புறம் மூடியிருக்கும், அதைத்தான் கடைக்காரர்கள் குளோஸ் செட்டிங் என்கிறார்கள். கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக மெல்லிய தகடு, பல நகைகளில் உள்ளே அரக்கு. தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. தகடு கறுத்து, கல் செத்தாற்போல் ஆகிவிடும். சூட்டில் அரக்கும் இளகும். இந்த நகைக்குக் கல் எதுவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: ஈரம் பிழிந்த துணி, உடனே உலர்ந்த துணி.

நவரத்தின மோதிரத்துக்கும் கிட்டத்தட்ட அதே வைத்தியம்தான். ஒன்பது கல்லில் எது பலவீனமோ அதற்கு ஏற்றபடிதான் மோதிரம் முழுவதையும் நடத்த வேண்டும், முத்தும் பவளமும் மரகதமும் இருக்கும்போது தொட்டிக்குப் பேச்சே இல்லை. பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரிலோ இரண்டு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரிலோ மென்மையான பிரஷை நனைத்து, முத்தையும் பவளத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் தேய்த்து, துணியால் துடைத்தெடுக்கலாம். கடையில் கொடுத்தால், மெஷினில் போடவேண்டாம் என்பதை வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் மரகதத்தை வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.