அட்டையை மட்டும் படிப்பவர்கள்

போன மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, பின்கட்டுக் கொய்யா மரத்தடியில் பழங்கள் விழுந்து அழுகிக் கிடந்தன. அம்மா அவற்றைத் தொடுவதே இல்லை. “சுகருக்கு ஆகாதாம்டா, போன்ல போட்டிருந்தான்” என்றார். அந்த வீடியோவைத் தேடிப் பிடித்து முழுதாகப் பார்த்தேன். அளவாகச் சாப்பிடலாம் என்றுதான் அதில் பேசியவரே சொல்கிறார். ஆனால் அட்டைப்படத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது ‘தொடவே தொடாதீங்க’. அம்மா அந்த வீடியோவைத் திறக்கவே இல்லை.

வீடியோ தலைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அழுத்துகிறவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். யூடியூப் சொல்லும் கணக்குப்படியே, பாதிச் சேனல்களுக்கு, அட்டை கண்ணில் படும் 100 தடவையில் 2 முதல் 10 தடவைதான் வீடியோ திறக்கப்படுகிறது. மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் தடவையும் அட்டையோடு சரி. அங்கே அட்டைதான் முழுச் செய்தி.

உணவியல் நிபுணரான என் தோழியும் அதே கொய்யாவைப் பற்றி எட்டு நிமிட வீடியோ எடுத்து வைத்திருந்தார். நடுத்தரப் பழம் ஒன்று போதும், கனிந்து குழைந்ததைவிட செங்காய் நல்லது, ஜூஸாக்கி வடிகட்டினால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரை சட்டென்று ஏறும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

அவர் முதலில் வைத்த தலைப்பு ‘கொய்யாவும் நீரிழிவும்’. பொய் இல்லை, ஆனால் யாரும் திறக்கமாட்டார்கள். அடுத்து எழுதியது ‘சுகர் இருந்தா கொய்யா சாப்பிடவே கூடாதுன்னு சொல்றது உண்மையில்லை’. இதில்தான் பெரிய ஆபத்து. தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தலைப்புக்கு 100 எழுத்து வரை இடமிருந்தாலும், போன் திரையில் நீளத் தலைப்பின் வால் வெட்டுப்பட்டுப் புள்ளிகளாகிவிடும். அப்போது கண்ணில் படுவது ‘சுகர் இருந்தா கொய்யா சாப்பிடவே கூடாது…’. உண்மையைச் சொல்ல வந்தவர் பொய்யைப் பரப்பியிருப்பார்.

ஆகவே பதில் முன்னால் வந்தது: ‘பழம் சரி, ஜூஸ் வேண்டாம்: சுகர் உள்ளவங்களுக்குக் கொய்யா’. அட்டையில் ஒரு பாதியில் பழம், மறுபாதியில் டம்ளர், நடுவே ‘பழம் சரி. எத்தனை?’ என்ற மூன்றே சொற்கள். வலது கீழ் மூலையில் வீடியோவின் நேரம் வந்து உட்காருவதால் அங்கே எழுத்து வைக்கவில்லை. “பதிலையே சொல்லிட்டா யார் திறப்பாங்க?” என்று தோழி தயங்கினார். எத்தனை, எந்தப் பதம், ஏன் ஜூஸ் கூடாது என்ற மூன்று கேள்விகள் இன்னும் உள்ளேதானே இருக்கின்றன?

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்தோம். அட்டையைப் போனில் விரற்கடை அளவுக்குச் சுருக்கி, அக்கம்பக்கத்தில் ஐந்து பேரிடம் மூன்று எண்ணும் வரை காட்டிவிட்டு மூடினோம். “திறப்பீங்களா?” என்று கேட்கவில்லை, முகத்துக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். “உள்ளே என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதினோம். பிறகு ஒவ்வொரு பதிலும் வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்தோம். நான்கு பேர் எண்ணிக்கையை எதிர்பார்த்தார்கள். அது ஐந்தாம் நிமிடத்தில்தான் இருந்தது. அட்டையை மாற்றாமல், அந்தப் பகுதியை வெட்டி முதல் நிமிடத்துக்குக் கொண்டுவந்தார் தோழி.

வெளியிட்ட பிறகு யூடியூபின் ஒப்பீட்டுச் சோதனை உதவும். மூன்று அட்டைகள் வரை கொடுக்கலாம்; அவற்றைப் பார்வையாளர்களுக்குப் பிரித்துக் காட்டும். இரண்டு வாரம் வரை ஓடலாம். வெற்றியைத் தீர்மானிப்பது அழுத்தல் அல்ல, பார்த்த நேரம். பொய் அட்டையால் 800 பேர் திறந்து ஒரு நிமிடத்தில் ஓடினால் 800 நிமிடம். நேர்மையான அட்டைக்கு 500 பேரே வந்து நான்கு நிமிடம் இருந்தால் 2,000 நிமிடம். பார்ப்பவர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்ற வரைபடம் முதல் 30 விநாடியில் செங்குத்தாக விழுந்தால், அட்டை சொன்னதும் வீடியோவும் ஒன்றல்ல என்று சந்தேகிக்கலாம். சிறிய சேனல்களுக்குப் பார்வை போதாமல் முடிவு தெளிவாகாமலும் போகும்.

போட்டி கடுமை, கொஞ்சம் மிகைப்படுத்தாமல் பிழைக்க முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. யூடியூபின் இந்தச் சோதனை திறந்து பார்த்தவர்களைத்தான் அளக்கிறது. திறக்காமல் நம்பிவிட்டு, தட்டில் இருந்த பழத்தைத் தள்ளிவைத்தவர் எந்த வரைபடத்திலும் வருவதில்லை. அதனால் ஆறாவதாக ஒருவரிடம் சோதிக்கச் சொன்னேன்: வீடியோவைப் பார்க்கவே போகாதவர். அவரிடம் கேட்க வேண்டியது, “இதைப் படிச்சிட்டு நாளைக்கு என்ன செய்வீங்க?”

அம்மாவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் பார்த்தார், திறக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “அந்தக் கொய்யா ஒண்ணு பறிச்சிட்டு வா. மிக்ஸில போட்டுடாத” என்றார்.