மூன்று பேரும் கொடுத்தது 3

ஒரு படத்தை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூவருமே ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தை இன்னும் பார்க்காத நான்காவது ஆளுக்கு அது பிடிக்குமா? சராசரி 3 என்பதால் ‘சுமாராகப் பிடிக்கும்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே மூன்று மதிப்பெண்களை வைத்து, ‘இவர் இதற்கு 5 கொடுப்பார்’ என்ற முடிவுக்கும் வரலாம். டேட்டா மைனிங் பாடத்தில் கொலாபரேட்டிவ் ஃபில்டரிங் சொல்லித்தரும்போது மாணவர்கள் கையால் போட்டுப் பார்ப்பது இந்த வகைக் கணக்கைத்தான்.

இந்த முறைக்குப் படத்தைப் பற்றி எதுவும் தெரிய வேண்டாம். நடிகர் யார், கதை என்ன என்று அது கேட்பதில்லை. உங்களைப் போல ரசிப்பவர்கள் யார் என்று கண்டுபிடித்து, நீங்கள் பார்க்காத படத்தை அவர்கள் எப்படி ரசித்தார்கள் என்று மட்டும் பார்க்கிறது. 1994-இல் பால் ரெஸ்னிக், ஜான் ரீடல் உள்ளிட்ட குழுவினர் குரூப்லென்ஸ் என்ற திட்டத்தில் யூஸ்நெட் செய்திகளைப் பரிந்துரைக்க இதைப் பயன்படுத்தினார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அதன் தொடர்ச்சியாக 1997-இல் மூவிலென்ஸ் வந்தது. அங்கே சேர்ந்த படங்களின் மதிப்பெண்கள்தான் இன்றும் பல வகுப்பறைகளில் பயிற்சிக்குப் பயன்படுகின்றன.

கணக்குக்காக நான் அமைத்த சிறிய அட்டவணை இது. கோடு போட்ட இடம், அந்தப் படத்துக்கு மதிப்பெண் இல்லை என்று பொருள்.

| | டைட்டானிக் | ஸ்டார் வார்ஸ் | டாய் ஸ்டோரி | காட்ஃபாதர் | ஏலியன் |
|---|---|---|---|---|---|
| அ | 3 | 5 | 3 | 5 | – |
| ஆ | 1 | 3 | 1 | 2 | 3 |
| இ | 5 | 4 | 5 | 3 | 3 |
| ஈ | – | 5 | – | – | 3 |

‘அ’வுக்கு ‘ஏலியன்’ பிடிக்குமா என்பதுதான் கேள்வி. முதலில் அவருடைய ரசனைக்கு நெருங்கியவரைத் தேட வேண்டும். மதிப்பெண்களை நேரடியாகக் கழித்துப் பார்த்தால், நான்கு படங்களிலும் சேர்த்து ‘ஆ’வுக்கும் ‘அ’வுக்கும் வித்தியாசம் 9, ‘இ’யோடு 7 மட்டுமே. எனவே ‘இ’தான் நெருக்கம் என்று முடிவு செய்துவிடுவோம். வரிசைகளை இன்னொரு முறை வாசியுங்கள். ‘அ’ மிகவும் ரசித்த இரண்டு படங்களும் ‘இ’க்கு மற்றவற்றைவிடக் குறைவாகவே பிடித்திருக்கின்றன. ‘அ’வுக்குக் குறைவாகப் பிடித்த இரண்டுக்கும் ‘இ’ முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறார். ‘ஆ’வோ எல்லாவற்றுக்கும் கறாராக மார்க் போடுகிறவர். ஆனால் எது மேல், எது கீழ் என்பதில் ‘அ’வோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறார்.

எனவே ஒவ்வொருவரின் மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் சொந்தச் சராசரியைக் கழிக்க வேண்டும். ‘அ’வின் சராசரி 4, ‘ஆ’வுக்கு 2, ‘இ’க்கு 4, ‘ஈ’க்கு 4. கழித்த பிறகு, பொதுவான நான்கு படங்களில் ‘அ’வின் வரிசை −1, +1, −1, +1 என்றாகிறது, ‘ஆ’வுடையது −1, +1, −1, 0, ‘இ’யுடையது +1, 0, +1, −1. இப்போது ‘ஏலியன்’ வாங்கிய 3-களையும் பாருங்கள். ‘ஆ’வின் 3, அவருடைய சராசரிக்கு ஒன்று மேலே, அவர் யாருக்கும் அதைவிட அதிகம் கொடுத்ததில்லை. ‘இ’யின் 3, ‘ஈ’யின் 3 இரண்டும் அவரவர் சராசரிக்கு ஒன்று கீழே. அட்டவணையில் ஒரே எண்ணாக நின்றது, ஒருவரிடம் பாராட்டு, மற்ற இருவரிடம் அதிருப்தி.

அடுத்து, ரசனை எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஓர் எண் வேண்டும். இரண்டு வரிசைகளையும் படத்துக்குப் படம் பெருக்கிக் கூட்டினால் ‘அ’, ‘ஆ’ இருவருக்கும் 3 வருகிறது. அந்தந்த வரிசையின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ‘அ’வுக்கு 2, ‘ஆ’வுக்கு 1.73. 3-ஐ இந்த இரண்டின் பெருக்கலால் வகுத்தால் 0.87. இந்த எண் +1-ஐ நெருங்கினால் ரசனை ஒன்று. −1-ஐ நெருங்கினால் நேர் எதிர். ‘இ’க்கு இதே கணக்கு −0.87 தருகிறது. நேரடிக் கழித்தலில் நெருங்கியவராகத் தெரிந்தவர்தான் உண்மையில் எதிர்த்துருவத்தில் இருக்கிறார்.

‘ஈ’யிடம்தான் மாணவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அவருக்கும் ‘அ’வுக்கும் பொதுவான படம் ‘ஸ்டார் வார்ஸ்’ ஒன்றுதான். அதில் இருவரும் சராசரிக்கு ஒன்று மேலே. சூத்திரத்தில் போட்டால் சரியாக 1 வருகிறது. மற்ற யாருக்கும் கிடைக்காத முழு ஒற்றுமை, ஒரே ஒரு படத்தை வைத்து! ஒரு படத்தில் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். ஆகவே குறைந்தது இத்தனை படங்கள் பொதுவாக இருக்க வேண்டும் என்று ஓர் எல்லை வைக்கிறார்கள். 1999-இல் மூவிலென்ஸ் ஆய்வாளர்கள் சற்று மென்மையான வழி ஒன்றைச் சொன்னார்கள்: பொதுவான படங்கள் 50-க்குக் குறைந்தால், அந்த எண்ணிக்கையை 50-ஆல் வகுத்து, அந்த விகிதத்துக்கு ஒற்றுமை எண்ணைக் குறைத்துவிடலாம். நம் சிறிய அட்டவணையில் எல்லையை மூன்று படங்கள் என்று வைத்தால் ‘ஈ’ விலகிவிடுகிறார்.

கடைசிப் படி, ‘ஏலியன்’ பற்றிய விலகல்களை ஒற்றுமை எண்ணால் எடைபோட்டுக் கூட்டுவது. ‘ஆ’விடமிருந்து 0.87 × 1 = 0.87. ‘இ’யிடமிருந்து −0.87 × −1, அதுவும் 0.87 தான், எதிர் ரசனை உள்ளவருக்குப் பிடிக்கவில்லை என்பது இங்கே சாதகமாகிறது. மொத்தம் 1.74. இதை எடைகளின் மொத்தமான 1.74-ஆல், அதாவது குறியை விட்டுவிட்டுக் கூட்டிய தொகையால், வகுத்தால் 1. ‘அ’வின் சராசரியான 4-உடன் அதைச் சேர்த்தால் 5. ‘ஈ’யை விலக்காமல் விட்டிருந்தால் இதே கணக்கு 4.3-க்கு இறங்கியிருக்கும்.

இந்த 5-ஐ எவ்வளவு நம்பலாம்? ‘அ’ படத்தைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தெரிந்த ஒரு மதிப்பெண்ணை மறைத்து, கணக்கு அதை மீட்டுத் தருகிறதா என்று பார்க்கலாம். ‘அ’ காட்ஃபாதருக்குக் கொடுத்த 5-ஐ மறைப்போம். அவருடைய சராசரி 3.67 ஆகக் குறைகிறது. மீதி மூன்று படங்களை வைத்து ஒற்றுமையைப் புதிதாகக் கணக்கிட்டால் ‘ஆ’வுக்கு 0.94, ‘இ’க்கு −0.58. அதிலிருந்து வரும் கணிப்பு 4.05. உண்மை 5, பிழை ஏறத்தாழ ஒரு மதிப்பெண். மற்றவர்கள் காட்ஃபாதருக்குக் கொடுத்ததன் வெறும் சராசரி 2.5; அதன் பிழையும் 2.5. ஆக, நம் முறை சராசரியைவிட எவ்வளவோ தேவலை, ஆனால் ஒரு மதிப்பெண் அளவுக்குத் தவறக்கூடியது. ‘ஏலியன்’ கணிப்பையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

அட்டவணை பெரிதானால் வேறொரு சிக்கல் தலைதூக்குகிறது. வகுப்பறைகளில் அதிகம் புழங்கும் மூவிலென்ஸ் தொகுப்பில் 943 பேர், 1682 படங்கள், 1 லட்சம் மதிப்பெண்கள். பெரிய எண்ணாகத் தெரியும்; ஆனால் கட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 16 லட்சம். நிரம்பியிருப்பது நூற்றுக்கு ஆறு கட்டங்கள்தான். மீதி வெற்றிடங்களில் கணினி வசதிக்காக 0 போட்டுவிட்டு, சராசரியைக் கழிக்க மறந்தால், பார்க்காத படத்தையெல்லாம் அவர் வெறுத்ததாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். முதலில் கழித்துவிட்டுப் பிறகு 0 போட்டால், அது ‘அவருடைய சராசரி’ என்ற நடுநிலையான பொருளைத் தரும்.

எதற்கும் மதிப்பெண் போடாத புதியவருக்கு இந்த முறையிடம் பதில் இல்லை. யாரும் மதிப்பெண் போடாத புதிய படத்தை இது ஒருபோதும் பரிந்துரைக்காது. எல்லாப் படத்துக்கும் 5 கொடுப்பவரின் விலகல்கள் அனைத்தும் பூச்சியம் என்பதால் அவரை யாரோடும் ஒப்பிட முடியாது, வகுத்தலே நின்றுவிடும். படம் பிடிக்காதபோது குறைத்துப் போடத் தயங்காதவர்களிடமிருந்துதான் இந்தக் கணக்கு எதையாவது கற்றுக்கொள்கிறது.