நான்கு பிட்டுக்குள் ஓடும் கேரி

பொறியியல் கல்லூரியின் டிஜிட்டல் லேபில் மாணவர்கள் நான்கு பிட் ஏ.எல்.யு. ஒன்றைப் பிரெட்போர்டில் கட்டுவார்கள். கம்ப்யூட்டரின் கணக்குப் போடும் பகுதி அதுதான். நான்கு பிட் என்பதால் 0 முதல் 15 வரைதான் எண்கள். 'அண்ட்', 'ஆர்' செயல்களுக்கு ஒவ்வொரு பிட்டையும் தனித்தனியாக கேட்டில் கொடுத்தால் போதும். ஒரு பிட்டின் விடை இன்னொன்றைப் பாதிக்காது. கூட்டலில்தான் சிக்கல். வலது ஓரப் பிட்டில் மிஞ்சியது இடப்பக்கம் போக வேண்டும். அந்த மிச்சம்தான் கேரி.

ஒரு பிட்டைக் கூட்ட இரண்டு எக்ஸ்-ஆர், இரண்டு அண்ட், ஒரு ஆர் கேட் வேண்டும். நான்கு பிட்டுக்கும் சேர்த்து இரண்டு 7486, இரண்டு 7408, ஒரு 7432 ஐ.சி. சரியாக இருக்கும். ஒவ்வொரு பிட்டின் கேரியும் அடுத்த பிட்டுக்கு ஒரு வயரில் போகிறது. இதுதான் கேரிச் சங்கிலி.

கழித்தலுக்குத் தனிச் சுற்று வேண்டாம். இன்னொரு 7486-ஐ வைத்து இரண்டாவது எண்ணின் பிட்டுகளைத் திருப்பிவிட்டு, ஒன்றைக் கூட்டினால் கழித்தலாகிவிடும். 5-லிருந்து 3 போக வேண்டும் என்றால் 0011 என்பது 1100 ஆகிறது. அதை 0101-உடன் கூட்டி 1 சேர்த்தால் 10010. இடது ஓரத்து 1 கடைசிக் கேரி. அதை விட்டுவிட்டால் மிஞ்சும் 0010 என்பது 2. அந்தக் கூடுதல் 1-ஐக் கொண்டுவருவதற்கு, பிட்டுகளைத் திருப்பும் அதே கட்டுப்பாட்டு வயரை முதல் பிட்டின் கேரி நுழைவாயிலிலும் சேர்த்துவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே வயர் இரண்டு வேலை செய்கிறது. அது நுழைவாயிலில் சேராமல் அங்கே 0 வோல்ட் இருந்தால், ஒவ்வொரு கழித்தலிலும் விடை ஒன்று குறையும்.

பிரெட்போர்டில் அதிகம் படுத்துவது கழன்ற வயர்தான். பழைய டி.டி.எல். ஐ.சி.களில் எதுவும் இணைக்காத நுழைவாயில் 0 ஆகாது, 1 போலவே நடந்துகொள்ளும். இரண்டாவது பிட்டிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் கேரி வயர் கழன்றிருந்தால், 1-ஐயும் 1-ஐயும் கூட்டும்போது 6 வரும். வராத கேரி வந்ததாக மூன்றாவது பிட் எடுத்துக்கொள்வதால் 4 கூடிவிடுகிறது. ஆனால் 3-உம் 1-உம் கூட்டினால் 4 என்று சரியாகவே வரும், அங்கே உண்மையிலேயே கேரி இருப்பதால். அதனால் ஒரு கணக்கு சரியாக வந்ததும் சுற்று சரி என்று முடிவு செய்யக் கூடாது. விடையில் கூடும் அளவு 2, 4, 8 என்று எதுவோ, அதுவே கழன்ற வயரைக் காட்டிக்கொடுக்கும்.

வயரெல்லாம் சரியாக இருந்தாலும் கேரி போய்ச் சேர நேரம் பிடிக்கும். 1111-உடன் 0001-ஐச் சேர்த்தால் கேரி நான்கு பிட்டையும் கடந்தாக வேண்டும். ஒரு பிட்டைத் தாண்ட ஓர் அண்ட், ஓர் ஆர். கேட் ஒன்றுக்குச் சுமார் 10 நானோ வினாடி. எல்.இ.டி.யில் இது தெரியாது, ஆஸிலோஸ்கோப்பில் தெரியும். பிட் கூடக் கூடத் தாமதமும் கூடும். அதைத் தவிர்க்கத்தான் 74181 என்ற ஏ.எல்.யு. ஐ.சி., கேரி வரும்வரை காத்திராமல் எல்லாப் பிட்டுகளின் கேரியையும் முன்கூட்டியே கணக்கிடும் கேட்டுகளைத் தனக்குள் வைத்திருக்கிறது.

லேபில் இதைக் கட்டப் போகிறவர்கள் விடைக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு கேரி வயருக்கும் ஓர் எல்.இ.டி. வையுங்கள்.